மூடியைச் சாத்தினால் கோப்பு எங்கே நிற்கிறது?

4 ஜிபி அளவுள்ள ஒரு கல்யாண வீடியோவை கூகுள் டிரைவ் போன்ற ஓர் இடத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு இணைப்பின் அனுப்பும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் நொடிக்கு 1.25 எம்பி போகும். 4,000 எம்பியை அதால் வகுத்தால் 3,200 நொடி வருகிறது. அதாவது 53 நிமிடமும் சில நொடிகளும். 40ஆவது நிமிடத்தில் சரியாக 3 ஜிபி போயிருக்கும். அந்த நேரம் பார்த்து இரண்டில் ஒன்று நடக்கிறது. வேறு ஏதோ டேபை மூடப்போய் இந்த டேபை மூடிவிடுகிறார்கள். இல்லையென்றால், அது பாட்டுக்கு ஏறட்டும் என்று லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

திரும்பி வந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: வீடியோ ஏறவில்லை. ஆனால் உள்ளே நடந்தவை வேறு வேறு. டேபை மூடினால் அனுப்பிக்கொண்டிருந்த நிரலே இல்லாமல் போகிறது. மூடியைச் சாத்தினால் நிரல் இருக்கிறது, உறைந்துபோய் இருக்கிறது; அறுந்தது சர்வரோடு இருந்த தொடர்பு. எதை மீட்க முடியும், எதை மீட்க முடியாது என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரவுசர் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை 1995 நவம்பரில் எழுதப்பட்ட ஆர்.எஃப்.சி. 1867 என்ற ஆவணத்திலிருந்து வருகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மாசின்டர் என்ற இருவர் எழுதியது. பெயர், முகவரி எல்லாம் நிரப்பி அனுப்பும் இணையப் படிவத்தில் கோப்புக்கும் ஒரு கட்டம் சேர்த்தார்கள், அவ்வளவுதான். படிவம் என்பது ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டிய பொருள். பாதிப் படிவம் என்று ஒன்று கிடையாது. சில கிலோபைட் ஆவணங்களுக்கு அது போதுமாக இருந்தது. இன்றும் பல அரசு, கல்லூரி விண்ணப்பத் தளங்களில் நாம் சான்றிதழ் ஏற்றுவது இந்த முறையில்தான்.

இந்த முறையில் பிரவுசர் முதலில் சர்வருக்கு ஒரு தலைப்புச் செய்தி அனுப்பும். பின்னால் வரப்போவது இத்தனை பைட் என்று `Content-Length` என்ற வரி சொல்லும். நம் வீடியோவுக்கு அது 4000000000ஐ விடச் சற்றே கூடுதலாக இருக்கும். அப்புறம் பைட்டுகள் வரிசையாகப் போகும். 40ஆவது நிமிடத்தில் டேபை மூடியதும் பிரவுசர் அந்தப் பக்கத்தைக் கலைத்து, அது கையில் வைத்திருந்த நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் தொடங்கிய கோரிக்கைகளையும் ரத்து செய்கிறது. சர்வரின் பார்வையில், 400 கோடி வரும் என்று சொல்லிவிட்டு 300 கோடியோடு இணைப்பு மூடப்பட்டது. படிவம் முழுதாக வரவில்லை. எனவே வந்ததையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

மறுபடி அதே பக்கத்தைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராதா என்று கேட்கலாம். அதற்குக் குறுக்கே நிற்பது நெட்வொர்க் இல்லை, பாதுகாப்பு. ஓர் இணையப் பக்கத்துக்கு நம் வன்தட்டைப் பார்க்கும் உரிமை இல்லை. நாம் ‘கோப்பைத் தேர்ந்தெடு’ பொத்தானை அழுத்தி ஒரு கோப்பைக் காட்டும்போது, அந்த ஒரு கோப்பைப் படிக்கும் அனுமதி மட்டும் அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கிறது. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதுகூடப் பக்கத்துக்குத் தெரியாது. முழுப் பாதையைக் கேட்டால் பிரவுசர் ஒரு பொய்யான பாதையைக் கொடுக்கும்:

```
C:\fakepath\kalyanam.mp4
```

மேக்கில் கேட்டாலும், லினக்ஸில் கேட்டாலும் இதே `C:\fakepath\` தான் வரும். பழைய தளங்கள் சில பாதையின் கடைசித் துண்டை வெட்டி எடுத்துப் பழகியிருந்ததால், அவை உடையாமல் இருக்க இப்படி ஒரு போலிப் பாதையை எச்.டி.எம்.எல். தரநிலையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பக்கம் கலைந்ததும் அந்த அனுமதியும் கலைகிறது. புதிதாகத் திறந்த பக்கம் தானாகப் போய் அந்த வீடியோவை எடுக்க முடியாது. நாம்தான் மறுபடி காட்ட வேண்டும். முந்தா நாள் நாம் காட்டிய கோப்பை ஒரு தளம் இன்று நம்மைக் கேட்காமல் திறந்து படித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால், பிரவுசர் செய்வது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

டேபை மூடிய பிறகும் பின்னணியில் அனுப்ப வழியே இல்லையா? இருக்கிறது, சின்ன அளவில். `fetch` கட்டளையோடு `keepalive` என்று சேர்த்தால், பக்கம் போன பின்னும் அந்தக் கோரிக்கை முடியும்வரை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். ஆனால் இப்படி அனுப்பக்கூடியது 64 கிலோபைட் மட்டுமே. பயனர் பக்கத்தை விட்டுப் போனார் என்று கணக்கெழுதும் தளங்களுக்கு அது போதும். நம் வீடியோவில் இருபதில் ஒரு நொடிக்கான சரக்குதான் அது. எனவே நல்ல தளங்கள் செய்யக்கூடியது, மூடப்போகும் நேரத்தில் ‘Leave site?’ என்று ஒரு பெட்டியைக் காட்டுவது. அந்தப் பெட்டியைப் படிக்காமல் அழுத்திவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

பக்கத்தைப் புதுப்பித்தாலும், அதே டேபில் வேறு முகவரிக்குப் போனாலும் டேபை மூடிய கதைதான். வேறு டேபுக்குத் தாவுவதும் ஜன்னலைச் சுருக்கி வைப்பதும் அப்படியல்ல. பதிவேற்றம் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணில் படாத டேபின் கடிகாரங்களை பிரவுசர்கள் மெதுவாக்கும் என்பது உண்மை. குரோமில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபில் சில கடிகாரங்கள் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கும். அது பைட்டுகளின் ஓட்டத்தைத் தொடுவதில்லை. தோல்வி ஏற்பட்டால் மறுமுயற்சி செய்யக் கடிகாரம் வைத்துக் காத்திருக்கும் தளங்களில் மட்டும் கொஞ்சம் தாமதம் தெரியலாம்.

இனி மூடியைச் சாத்தும் கதை. லேப்டாப் தூங்கும்போது நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகிறது. பிராசஸர் நின்றுவிடும், வைஃபை பொதுவாக அணைந்துவிடும். டேப், அதன் நிரல், வீடியோவைப் படிக்கும் அனுமதி, எத்தனையாவது பைட்டில் இருக்கிறோம் என்ற கணக்கு, எல்லாம் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. விழித்ததும் நிரல் தூங்கிய வரியிலிருந்தே தொடரும். தான் தூங்கியதே அதற்குத் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்தால் ஒழிய.

தெரியாமல் தவிப்பது மறுமுனைதான். இணையத்தில் பைட்டுகளைச் சுமக்கும் டி.சி.பி. முறையில், வந்து சேர்ந்தவற்றுக்கு மட்டுமே பெறுபவர் பதில் சொல்வார். அனுப்புபவர் சத்தமில்லாமல் நின்றுவிட்டால், கதை சொல்லும் பாட்டி தூங்கிப்போனது தெரியாமல் ‘ம்’ கொட்டக் காத்திருக்கும் பேரன் மாதிரி சர்வர் உட்கார்ந்திருக்கும். டி.சி.பி.க்கென்று தனியாக ஒரு பொறுமை எல்லை கிடையாது. எதுவும் பேசாத இணைப்பு நாள்கணக்கில்கூட உயிரோடு இருக்கலாம். பொறுமை இழப்பது அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். உலகம் முழுக்கப் பரவலாக ஓடும் எஞ்ஜின்-எக்ஸ் சர்வரில் இதற்கு `client_body_timeout` என்று ஓர் அமைப்பு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அதன் மதிப்பு 60 நொடி. முழுக் கோப்புக்குமான கெடு அல்ல அது. ஒரு தடவை பைட்டுகள் வந்ததற்கும் அடுத்த தடவை வருவதற்கும் இடையிலான இடைவெளிக்கானது. மெதுவாக 53 நிமிடம் அனுப்பினாலும் சர்வருக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு நிமிடம் மூச்சுக் காட்டாமல் இருந்தால் கதவைச் சாத்திவிடும்.

நடுவில் வீட்டு ரவுட்டர் வேறு இருக்கிறது. வீட்டில் உள்ள கருவிகள் எல்லாம் வெளியே ஒரே முகவரியில்தான் தெரிகின்றன. எந்த இணைப்பு எந்தக் கருவிக்கு என்று ரவுட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சில்லாத இணைப்பை அது பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஆக, சாப்பிட்டுவிட்டு வந்து மூடியைத் திறக்கும்போது பழைய இணைப்பு இரண்டு இடத்தில் செத்திருக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் அதுவரைகூடப் போவதில்லை. கணினி தூங்கப் போகிறது என்று இயங்குதளம் சொன்னதும் குரோம் ஓடும் இணைப்புகளைத் தானே கைவிட்டுவிடும். எஃப்12 அழுத்தி வரும் பலகத்தில் `net::ERR_NETWORK_IO_SUSPENDED` என்று சிவப்பில் எழுதியிருந்தால் தூக்கம்தான் காரணம். `net::ERR_NETWORK_CHANGED` என்றிருந்தால் வைஃபை மாறியிருக்கிறது, அல்லது போய் வந்திருக்கிறது. இந்த இரண்டு வரியையும் பார்க்கத் தெரிந்தால், ‘நெட் சரியில்லை’ என்று இணைய நிறுவனத்துக்குப் போன் போடும் வேலை பாதி குறையும்.

இணைப்புதான் செத்தது, டேப் சாகவில்லை. கோப்பைப் படிக்கும் அனுமதி இன்னும் பக்கத்தின் கையில் இருக்கிறது. புது இணைப்பைத் திறந்து மிச்சத்தை அனுப்புவதற்கு பிரவுசர் தரப்பில் எந்தத் தடையும் இல்லை. சர்வருக்கு ‘மிச்சம்’ என்பது புரிய வேண்டும், அவ்வளவுதான். பழைய படிவ முறைக்கு அது புரியாது. புரியும்படி செய்யப்பட்ட முறைகளில் ஒன்றை, கூகுள் டிரைவ் மென்பொருளாளர்களுக்குத் தரும் வழியை, கிட்டத்தில் பார்க்கலாம்.

அதில் கோப்பை அனுப்பும் முன் சர்வரிடம் ஒரு தனி முகவரி வாங்க வேண்டும். அந்த முகவரி ஒரு வாரம் செல்லும். வீடியோவைத் துண்டுகளாக அனுப்பலாம். கடைசித் துண்டைத் தவிர மற்றவை 256 கிலோபைட்டின் மடங்காக இருக்க வேண்டும். நாம் 8 எம்பித் துண்டாக, கணினிக் கணக்கில் 83,88,608 பைட்டாக, எடுத்துக்கொள்வோம். 40ஆவது நிமிடத்தில் 357 துண்டுகள் முழுதாகப் போயிருக்கும்; 358ஆவது துண்டு பாதி வழியில் இருக்கும்போது மூடி சாத்தப்பட்டது. விழித்ததும் நிரல் முதலில் செய்வது, வெறுங்கையோடு ஒரு கேள்வி கேட்பது:

```
PUT /upload/drive/v3/files?uploadType=resumable&upload_id=...
Content-Length: 0
Content-Range: bytes */4000000000
```

மூன்றாவது வரியிலுள்ள நட்சத்திரக் குறிதான் கேள்வி. மொத்தம் 400 கோடி பைட், அதில் உன்னிடம் எதுவரை இருக்கிறது என்று பொருள். சர்வரின் பதில்:

```
HTTP/1.1 308 Resume Incomplete
Range: bytes=0-2994733055
```

357 துண்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் அடுத்து அனுப்ப வேண்டியது 2994733056ஆவது பைட். அரைகுறையாய்ப் போன 358ஆவது துண்டு வீண். அது நான்கு நொடி உழைப்பு. பாக்கி ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல், 13 நிமிடத்தில் முடிந்துவிடும். படிவ முறையாக இருந்திருந்தால் 40 நிமிட வேலையும் போய், முதலிலிருந்து 53 நிமிடம்.

கணக்கை நிரல் தன் நினைவிலிருந்து எடுக்காமல் சர்வரிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் அனுப்பிவிட்டேன் என்று நிரல் நினைக்கும் பைட்டுகளில் கடைசிப் பகுதி இன்னும் வைஃபை கார்டின் வரிசையிலேயே நின்றிருக்கலாம். அனுப்பியவர் கணக்கை நம்பித் தொடர்ந்தால் நடுவில் ஓட்டை விழும். வீடியோ அந்த இடத்தில் கோளாறாகும். பெற்றவர் கணக்குதான் கணக்கு.

இதே முறை மூடப்பட்ட டேபையும் ஓரளவு காப்பாற்றும். பக்கம் அந்தத் தனி முகவரியை பிரவுசரின் `localStorage` என்ற சிறு சேமிப்பில் எழுதி வைத்திருந்தால், மறுபடி திறக்கும்போது முகவரி இருக்கும். கோப்பு இருக்காது, அதை நாம் மறுபடி காட்ட வேண்டும். டஸ் என்ற திறந்த நெறிமுறைக்கான பிரவுசர் நூலகம் இப்படித்தான் செய்கிறது. நாம் காட்டுவது அதே கோப்புதானா என்று பெயர், வகை, அளவு, கடைசியாக மாற்றிய நேரம் ஆகியவற்றை வைத்து அடையாளம் காண்கிறது. உள்ளடக்கத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. வீடியோவை எடிட்டிங் மென்பொருளிலிருந்து மறுபடி வெளியேற்றியிருந்தால் நேரம் மாறியிருக்கும். அப்போது அது புதுக் கோப்பு என்று முதலிலிருந்து தொடங்கும். தொடங்குவதே சரி.

இப்போது டெஸ்க்டாப் செயலிக்கு வருவோம். அது வேகமானது என்று பலர் நம்புகிறார்கள். அதே வைஃபை, அதே 10 மெகாபிட், அதே சர்வர். வேகத்துக்கு எங்கே போகும்? அது செய்வது வேறு. லேப்டாப்பில் நாம் நுழைந்ததும் தானே எழுந்து, ஜன்னல் எதுவும் இல்லாமல் பின்னணியில் ஓடுகிறது. கோப்பின் பாதை அதற்குத் தெரியும், எனவே யாரும் காட்டாமலே தானே போய்த் திறக்கும். எது போனது, எது பாக்கி என்ற பட்டியலை நினைவகத்தில் மட்டும் வைக்காமல் வன்தட்டில் ஒரு சிறு தரவுத்தளமாக எழுதி வைக்கிறது. பிரவுசரை மூடினாலும், லேப்டாப் தூங்கினாலும், கரண்ட் போய் அணைந்தாலும், அடுத்த தடவை எழும்போது பட்டியலைப் பார்த்து, சர்வரைக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிராப்பாக்ஸ் கோப்பை 4 எம்பித் துண்டுகளாகப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-256 என்ற கணக்கில் ஒரு கைரேகை எடுக்கிறது. கைரேகைகளை ஒப்பிட்டால் எந்தத் துண்டு சர்வரில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும். பெயரையும் தேதியையும் பார்த்து நம்புவதைவிட இது உறுதியானது. வன்தட்டில் உரிமையோடு உலவும் செயலிக்கு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பின்னணியில் இதைச் செய்ய அவகாசமும் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். செயலியில் போட்டுவிட்டேன், மூடியைச் சாத்தினாலும் ஏறும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏறாது. தூங்கும் லேப்டாப்பில் பிராசஸர் நின்றால் செயலியும் நிற்கிறது. ராத்திரி முழுக்க மூடி வைத்திருந்தால் காலையில் 3 ஜிபியிலேயேதான் நிற்கும். புது விண்டோஸ் லேப்டாப்களில் மூடியிருக்கும்போதும் மெயில் வந்ததாகக் காட்டும் ஒரு வகை அரைத்தூக்கம் இருக்கிறது. அதிலும் சாதாரண டெஸ்க்டாப் செயலிகளை விண்டோஸ் உறைய வைத்துவிடும். செயலி தருவது தூக்கத்தில் உழைப்பு அல்ல. எழுந்ததும் நம்மை எதிர்பார்க்காமல் வேலையை எடுக்கும் பழக்கம்.

எனவே ராத்திரிக்குள் ஏற்றியே ஆக வேண்டுமென்றால் லேப்டாப்பைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும். மேக்கில் டெர்மினலைத் திறந்து

```
caffeinate -i
```

என்று தட்டினால், அந்தக் கட்டளை ஓடும்வரை சும்மா இருப்பதால் வரும் தூக்கம் வராது. மூடியைச் சாத்தினால் வரும் தூக்கத்தை இது தடுக்காது. மூடி திறந்தே இருக்க வேண்டும். விண்டோஸில் மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை பவர் அமைப்புகளில் மாற்றலாம். யார் கணினியை விழித்திருக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்க, விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு `powercfg /requests`, மேக்கில் `pmset -g assertions`. உங்கள் பதிவேற்றத்தை நடத்தும் செயலியோ பிரவுசரோ அந்தப் பட்டியலில் இல்லையென்றால், சும்மா விட்டால் லேப்டாப் தன் நேரத்துக்குத் தூங்கிவிடும். மூடிய லேப்டாப்பைப் பைக்குள் விழித்திருக்க வைக்க மட்டும் வேண்டாம். சூடு வெளியேற வழியிருக்காது.

செயலிக்கே உரிய பொறியும் உண்டு. அதன் ஃபோல்டரில் வீடியோவை நகலெடுத்ததும் கோப்பு அங்கே தெரியும். தெரிவதால் ஏறிவிட்டது என்று நினைத்து, கேமராவின் மெமரி கார்டை அழித்துவிடுகிறார்கள். அது லேப்டாப்பிலிருக்கும் நகல் மட்டுமே. ஐகானில் சுற்றும் அம்பு நின்று டிக் விழும்வரை சர்வரில் இல்லை. பிரவுசரில் இந்தக் குழப்பம் வராது, பட்டை 100ஐத் தொடாவிட்டால் இல்லை என்று அர்த்தம். அதேபோல, எடிட்டிங் மென்பொருள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் வீடியோவை அந்த ஃபோல்டரில் நேராக வெளியேற்றினால், செயலி அரைகுறைக் கோப்பை அனுப்பத் தொடங்கி, மாறியது கண்டு மறுபடி அனுப்பும். குரோம் இந்த நிலையில் `net::ERR_UPLOAD_FILE_CHANGED` என்று வெளிப்படையாகவே நின்றுவிடும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடித்திருக்கிறது.

அலுவலக லேப்டாப்பில் செயலி நிறுவ உரிமை இல்லாதவர்களும், கடையின் கணினியில் உட்கார்ந்திருப்பவர்களும் பிரவுசரைத்தான் நம்ப வேண்டும். அவர்கள் பெரிய கோப்பை ஒப்படைக்கும் முன் அந்தத் தளம் எந்த முறையில் வாங்குகிறது என்று பார்த்துவிடலாம். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து பதிவேற்றத்தைத் தொடங்குங்கள். ஒரே ஒரு வரி வந்து முடியாமல் நீண்டுகொண்டே போனால் பழைய படிவ முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்னச் சின்ன வரிகளாக அடுத்தடுத்து வந்தால் துண்டு முறை. பலகத்தைப் படிக்க விருப்பமில்லாதவர்கள், பட்டை ஐந்து சதவீதத்தில் இருக்கும்போது வைஃபையை இரண்டு நிமிடம் அணைத்துப் போடட்டும். ஐந்திலிருந்து தொடர்ந்தால் வீடியோவை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், டேபை மட்டும் தொடாமல். பூஜ்யத்துக்குப் போனாலோ, சிவப்பில் நின்றுவிட்டாலோ, வீடியோவைப் பல சிறு பாகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஏற்றுவதுதான் வழி. தளம் செய்யாத துண்டு போடும் வேலையை அப்போது நாம் கையால் செய்கிறோம்.